ஸ்கேன் தாளில் காணாமல் போகும் ‘<’: தண்ணீர்ப் பரிசோதனை அட்டவணையைப் பிரித்தெழுதும் முழு வழிகாட்டி

தருமபுரி, கிருஷ்ணகிரி பக்கம் தண்ணீர் ரிப்போர்ட் கைக்கு வந்தால் முதலில் கண் போகிற இடம் ஃபுளோரைடு. ஐ.எஸ். 10500 (2012) தரப்படி லிட்டருக்கு 1.0 மி.கி. வரை ஏற்கலாம், வேறு நீராதாரம் இல்லாத இடத்தில் 1.5 வரை பொறுத்துக்கொள்ளலாம். அதனால் எல்லாரும் தேடுவது 1.5-ஐத் தாண்டிய எண்களைத்தான். தாண்டாத எண்களை, அதிலும் ஆர்.ஓ. பிளான்ட் தண்ணீருக்கு எதிரே இருக்கும் `<0.1` போன்றவற்றை, யாரும் இரண்டாம் முறை பார்ப்பதில்லை. தாள் ஸ்கேன் ஆகி, ஓ.சி.ஆர். வழியாக எக்செலுக்கு வரும்போது கெட்டுப்போவது பெரும்பாலும் அந்தக் கட்டங்கள்தான்.

`<0.1` என்றால் 0.1 என்று அர்த்தமில்லை, சைபர் என்றும் அர்த்தமில்லை. “எங்கள் கருவியால் 0.1-க்குக் கீழே நம்பிச் சொல்ல முடியாது, இந்தத் தண்ணீர் அதற்குக் கீழேதான் இருக்கிறது” என்று லேப் சொல்கிறது. அதில் இருக்கும் 0.1 கருவியைப் பற்றிய எண். பக்கத்து வரிசையில் இருக்கும் 2.4 தண்ணீரைப் பற்றிய எண். இரண்டும் ஒரே நெடுவரிசையில் அடுத்தடுத்து அச்சாகியிருப்பதுதான் சிக்கலுக்குக் காரணம். எக்செலில் இவற்றை வேறு வேறு இடத்தில் உட்கார வைப்பதுதான் இங்கே நம் வேலை.

மாதிரித் தாள்

விளக்குவதற்காக ஒரு பக்கத்தை நானே அமைத்திருக்கிறேன். பாலக்கோடு பக்கத்து ஊராட்சி ஒன்றின் பத்து நீராதாரங்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபுளோரைடு மட்டும், லிட்டருக்கு மி.கி. கணக்கில். மூன்றாவது நெடுவரிசை தாளில் உள்ளது, நான்காவது, ஓ.சி.ஆர். படித்துத் தந்தது.

| எண் | நீராதாரம் | தாளில் | ஓ.சி.ஆர். |
|---|---|---|---|
| 1 | போர்வெல் | 2.4 | 2.4 |
| 2 | போர்வெல் | 1.8 | 1.8 |
| 3 | ஆர்.ஓ. தண்ணீர் | <0.1 | 0.1 |
| 4 | கைப்பம்பு | 1.1 | 1.1 |
| 5 | மேல்நிலைத் தொட்டி | 0.6 | 0.6 |
| 6 | ஆர்.ஓ. தண்ணீர் | <0.1 | «0.1 |
| 7 | போர்வெல் | 3.1 | 3.1 |
| 8 | உப்புத் தண்ணீர்க் கிணறு | <0.5 | 0.5 |
| 9 | ஆர்.ஓ. தண்ணீர் | <0.1 | 40.1 |
| 10 | கைப்பம்பு | 1.4 | 1.4 |

நான்கு ‘<’ குறிகளில் ஒன்றுகூட அப்படியே வந்து சேரவில்லை. மூன்று விதமாகக் கெட்டிருக்கிறது: குறி அப்படியே மறைந்துவிட்டது, வேறு குறியாக மாறிவிட்டது, இலக்கமாகவே ஆகி எண்ணோடு ஒட்டிக்கொண்டது. மூன்றில் கடைசியைக் கண்டுபிடிப்பது சுலபம். லிட்டருக்கு 40 மி.கி. ஃபுளோரைடு என்றால் யாருக்கும் உறைக்கும். ஆபத்தானது முதலாவது. 0.1, 0.5 இரண்டும் பார்க்க எந்தக் குறையும் இல்லாத எண்கள்.

முதல் படி: ஸ்கேனைப் பாருங்கள், எண்களைப் பிறகு பார்க்கலாம்

‘<’ ஏன் மறைகிறது? அது மெல்லிய இரண்டு கோடுகளால் ஆன குறி. ஸ்கேனரைக் கறுப்பு-வெள்ளை முறையில் வைத்தால் மங்கலான அச்சில் அந்தக் கோடுகள் துண்டு துண்டாகிவிடும். ‘புள்ளிகளை நீக்கு’ என்ற வசதியும் போட்டிருந்தால் அந்தத் துண்டுகளையும் தூசி என்று நினைத்துத் துடைத்துவிடும்; தசமப் புள்ளியும் சில நேரம் கூடவே போகும். இன்னொரு காரணம் அட்டவணையின் கோடு. எண்கள் கட்டத்தின் இடது ஓரத்தில் அச்சாகியிருந்தால் ‘<’ குறியின் கூர்முனை அந்தச் செங்குத்துக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஓ.சி.ஆர். கோட்டைப் பிரித்து எறியும்போது குறியும் அதோடு போய்விடும். ஒரே பக்கத்தில் ஒரு நெடுவரிசையில் மட்டும் எல்லாக் குறிகளும் காணாமல் போயிருந்தால் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ஆகவே தாள் கையில் இருந்தால் சாம்பல் நிறத்தில், 300 முதல் 400 டி.பி.ஐ.-யில், எந்தச் சுத்திகரிப்பு வசதியும் இல்லாமல் மறுபடி ஸ்கேன் செய்யுங்கள். பி.டி.எஃப். மட்டும் கிடைத்திருந்தால் அதற்குள் இருக்கும் படம் எந்தத் தரத்தில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்:

```
pdfimages -list report.pdf
pdftoppm -r 400 -gray -png report.pdf page
tesseract page-1.png page-1 --psm 6 tsv
```

முதல் கட்டளை தரும் பட்டியலில் `x-ppi` என்ற இடத்தில் 150 அல்லது அதற்குக் குறைவாக இருந்தால், இரண்டாவது கட்டளையில் 400 என்று போட்டும் பயனில்லை. இல்லாத கோட்டைப் பெரிதாக்க முடியாது. அனுப்பியவரிடமே நல்ல ஸ்கேன் கேளுங்கள். அதே பட்டியலில் `enc` என்ற இடத்தில் `jbig2` என்று இருந்தால் கூடுதல் கவனம் தேவை. அந்தச் சுருக்கும் முறையின் ஒரு வகை, ஒன்றுபோல் தெரியும் எழுத்துகளுக்கு ஒரே படத்தைப் போட்டுவிடும். சில நகலெடுக்கும் இயந்திரங்கள் இப்படி 6-ஐ 8 ஆக மாற்றியது 2013-ல் வெளிவந்தது. அப்படி மாறிய இலக்கம் மங்கலாக இருக்காது, தெளிவாகத் தப்பாக இருக்கும்.

இரண்டாம் படி: எக்செலில் நுழைக்கும்போது எல்லாமே எழுத்து

ஓ.சி.ஆர். தந்ததை எக்செலிலோ லிப்ரே ஆபீஸ் கால்க்கிலோ ஒட்டும்போது அந்த நெடுவரிசையை எண்ணாக இல்லாமல் ‘டெக்ஸ்ட்’ ஆக வையுங்கள். இல்லாவிட்டால் `0.10` என்பது 0.1 ஆகிவிடும். லேப் எத்தனை தசம இடம் வரை எழுதியது என்ற தடயம் அங்கேயே அழிந்துவிடும்.

பிறகு நெடுவரிசைகளை இப்படி அமைக்கிறேன். A-யில் பக்கமும் வரிசை எண்ணும். B-யில் ஓ.சி.ஆர். தந்தது, கை வைக்காமல். C-யில் ஸ்கேன் படத்தைக் கண்ணால் பார்த்து உறுதி செய்தது. இந்த B, C இரண்டையும் ஒன்றாக்கி இடத்தை மிச்சம் பிடிக்கத் தோன்றும், வேண்டாம். ஆறு மாதம் கழித்து யாராவது ஒரு எண்ணைச் சுட்டிக் கேட்டால், அது இயந்திரம் படித்ததா, நாம் மாற்றியதா என்று சொல்ல இந்தப் பிரிவினை ஒன்றுதான் உதவும்.

C-யிலிருந்து மற்றவை தானாக வரும்:

```
E2: =IFERROR(VALUE(TRIM(SUBSTITUTE(SUBSTITUTE(C2,"<",""),">",""))),"")
D2: =IF(NOT(ISNUMBER(E2)),"பார்",IF(LEFT(TRIM(C2),1)="<","குறைவு",IF(LEFT(TRIM(C2),1)=">","மேல்","அளவு")))
F2: =IF(D2="அளவு",E2,"")
G2: =IF(D2="குறைவு",E2,"")
```

E என்பது இடைக்கால உதவிக்கு மட்டும். F-ல் அளந்த எண்கள், G-ல் கண்டறியும் எல்லைகள். இரண்டும் வேறு வேறு நெடுவரிசையில் இருப்பதால் F-ஐக் கூட்டும் யாரும் தவறிப்போய் ஒரு எல்லையைக் கூட்டிவிட முடியாது. D-யில் ‘பார்’ என்று வந்தால் அந்தக் கட்டத்தைச் சூத்திரத்தால் பிரிக்க முடியவில்லை, ஒரு மனிதர் பார்க்க வேண்டும் என்று அர்த்தம். `«0.1` அங்கேதான் வந்து விழும். `BDL`, `ND`, `Nil` எல்லாமும் அங்கேதான்.

‘«’ எங்கே வந்தாலும் ‘<’ என்று மொத்தமாக மாற்றிவிடலாமே என்று கேட்கலாம். இந்தப் பக்கத்தில் சரியாக வரும். அடுத்த பக்கத்தில் அதே ‘«’ அடிக்குறிப்பு நட்சத்திரமாக இருந்திருக்கலாம். மாற்றுவதென்றால் C-யில், படத்தைப் பார்த்து, ஒவ்வொன்றாக மாற்றுங்கள். 40.1-க்கும் இதே விதி. “தசமப் புள்ளி தள்ளிப்போயிருக்கும், 4.01 ஆக இருக்கும்” என்று ஊகித்துத் திருத்துபவர்கள் உண்டு. ஆர்.ஓ. தண்ணீரில் 4.01 என்று பதிவானால் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பிளான்ட் மேல் வீண் பழி விழும்.

மூன்றாம் படி: சத்தமில்லாமல் மறைந்த குறிகளைத் தேடுவது

வரிசை 6, 9 இரண்டையும் படத்தைப் பார்த்து C-யில் `<0.1` என்று எழுதிவிட்டோம். இப்போது ஒரு விஷயம் தெரிகிறது: இந்தத் தாளில் ஃபுளோரைடுக்கு எல்லை 0.1. அப்படியென்றால் வரிசை 3-ல் ‘அளவு’ என்று நிற்கும் 0.1 மேல் சந்தேகம் வர வேண்டும். அளந்த எண் ஒன்று, கருவியின் எல்லையோடு அச்சு அசலாக ஒத்துப்போவது நடக்கக்கூடியதுதான், ஆனால் அரிது. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண்ணுக்கு இடதுபுறம், செங்கோட்டை ஒட்டி, ஒரு சிறு முக்கோண நிழல் தெரியும். அதுதான் குறி.

எல்லை தெரியாத நிலையிலும் ஒரு வழி இருக்கிறது. நெடுவரிசையைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்குங்கள். மிகச் சிறிய எண் ஒன்றே பலமுறை திரும்ப வந்து, அதற்குக் கீழே ஒன்றுமே இல்லாமல் சுவர் போல் நின்றால், அவை அளந்த எண்கள் இல்லை, குறி இழந்த எல்லைகள் என்று சந்தேகிக்கலாம். உண்மையான அளவுகள் 0.23, 0.31, 0.28 என்று சிதறித்தான் இருக்கும். மற்ற எண்களில் இரண்டு தசம இடம் இருக்க, திரும்பத் திரும்ப வரும் எண்ணில் மட்டும் ஒரே இடம் இருந்தால் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

இந்தச் சோதனை எங்கே செல்லாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். களப் பரிசோதனைக் கிட்டில் நிறத்தை ஒப்பிட்டு எழுதிய எண்கள் என்றால், அட்டையில் இருக்கும் படிகள்தான் திரும்பத் திரும்ப வரும். அங்கே சுவர் இயல்பு. அதே கிட்டில் நிறம் அட்டையின் கடைசிக் கட்டத்தையும் தாண்டினால் ‘>’ குறி போட்டு எழுதுவார்கள். நம் ஊர் போர்வெல்களில் அது அடிக்கடி நடக்கும். அந்தக் குறி தொலைந்தால் விளைவு இன்னும் மோசம், நிஜத்தைவிடக் குறைவான ஃபுளோரைடு பதிவாகிவிடும்.

இன்னொரு பொறி, அனுமதி அளவுகளின் நெடுவரிசை. பல ரிப்போர்ட்டுகளில் முடிவுக்குப் பக்கத்திலேயே 1.0, 1.5 என்று தர அளவுகளும் அச்சாகியிருக்கும். ஓ.சி.ஆர். ஒரு வரியில் நெடுவரிசையைத் தள்ளிப் படித்தால் அந்த 1.5 முடிவாக வந்து உட்கார்ந்துவிடும். முடிவு நெடுவரிசையில் தர அளவோடு துல்லியமாகப் பொருந்தும் எண் எது இருந்தாலும் அந்த வரியை மட்டும் படத்தோடு ஒருமுறை ஒப்பிடுங்கள்.

எல்லை வரிசைக்கு வரிசை மாறும்

வரிசை 8-க்கு வருவோம். உப்புத் தண்ணீர்க் கிணறு, ஓ.சி.ஆர். தந்தது 0.5. தாளின் எல்லை 0.1 என்று கண்டுபிடித்துவிட்டோம், 0.5 அதற்கு மேலே இருக்கிறது, ஆகவே அளந்த எண்தான் என்று முடிவு கட்டிவிடத் தோன்றும். ஆனால் படத்தில் தெளிவாகவே `<0.5` என்று இருக்கிறது. ஒரே லேப், ஒரே நாள், ஒரே கருவி. எல்லை மட்டும் எப்படி ஐந்து மடங்கானது?

நீர்த்தல்தான் காரணம். அயான் குரோமடோகிராஃபி கருவியில் ஃபுளோரைடு, குளோரைடு, நைட்ரேட் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் அளப்பார்கள். குளோரைடு மிக அதிகமாக இருக்கும் தண்ணீரை அப்படியே செலுத்தினால் கருவியின் அளவுத்திறனைத் தாண்டிவிடும். அதனால் ஒரு பங்கு தண்ணீரோடு நான்கு பங்கு சுத்த நீர் சேர்த்து, ஐந்து மடங்கு நீர்த்துச் செலுத்துவார்கள். வரும் எண்ணை ஐந்தால் பெருக்கி ரிப்போர்ட்டில் எழுதுவார்கள். எல்லையும் அதோடு ஐந்தால் பெருகும்: 0.1 ஐந்து முறை, 0.5. பாறைக்குள் தேங்கி உப்பேறிய தண்ணீர் அதிகம் உள்ள நம் மாவட்டங்களில் இப்படி நீர்த்த மாதிரிகள் ஒரு பக்கத்தில் ஒன்றிரண்டு இருப்பது சாதாரணம்.

இதிலிருந்து இரண்டு விஷயம். தாளின் தலைப்பில் எல்லையை ஒரே ஒருமுறை எழுதிவைத்தால் போதாது. G நெடுவரிசையில் ஒவ்வொரு வரிசைக்கும் தனி எல்லை இருக்க வேண்டும். அடுத்தது, எல்லையின் 2, 5, 10 மடங்கில் நிற்கும் எண்களையும், குறிப்பாக உப்புத் தண்ணீர் வரிசைகளில், சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அதே தாளில் குளோரைடோ டி.டி.எஸ்.-ஸோ இருந்தால் அந்த வரிசையின் எண் எகிறியிருக்கும். அது ஊகத்துக்கு நல்ல துணை.

`BDL` என்று மட்டும் எழுதியிருந்தால்

‘கண்டறியும் எல்லைக்குக் கீழே’ என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. எத்தனைக்குக் கீழே என்பது அந்தக் கட்டத்தில் இருக்காது. ரிப்போர்ட்டின் கடைசிப் பக்க அடிக்குறிப்பிலோ, `LOQ`, `MDL`, `DL` என்ற தலைப்பில் தனி நெடுவரிசையிலோ இருக்கலாம். இருந்தால் அதை எடுத்து C-யில் `<0.1` என்று எழுதி, எங்கிருந்து எடுத்தோம் என்று பக்கத்தில் குறித்துவையுங்கள். `MDL` என்பது ‘இருக்கிறது, இல்லை’ என்று சொல்லக்கூடிய அளவு. `LOQ` என்பது எண்ணாகவே நம்பிச் சொல்லக்கூடிய அளவு, அதைவிடப் பெரியது. இரண்டும் தாளில் இருந்தால், எதை வைத்து `BDL` போட்டார்கள் என்று தெரிந்துகொண்டுதான் எழுத வேண்டும்.

எங்கும் இல்லையென்றால் லேபுக்கு ஒரு போன் போடுவதுதான் வழி. ரிப்போர்ட் எண்ணைச் சொல்லி இப்படிக் கேட்டால் போதும்: “மேடம், வரிசை பன்னிரண்டுல ஃபுளோரைடுக்கு பி.டி.எல்.னு இருக்கு. எத்தனைக்குக் கீழங்க மேடம்? அந்த மாதிரியை டைல்யூட் பண்ணினீங்களா?” இரண்டாவது கேள்வியை விட்டுவிடாதீர்கள். அதைக் கேட்காவிட்டால் வழக்கமான எல்லையைச் சொல்லி வைத்துவிடுவார்கள். பதில் கிடைக்காவிட்டால் G-யைக் காலியாக விட்டு, D-யில் ‘பார்’ என்றே இருக்கட்டும். வேறொரு லேபின் எல்லையைக் கடன் வாங்கிப் போடுவது, எண்ணைக் கற்பனையாக எழுதுவதற்குச் சமம்.

`0` அல்லது `Nil` என்று எழுதும் லேப்களும் உண்டு. எந்தக் கருவியும் சைபரை அளப்பதில்லை. அதையும் `BDL` போலவே நடத்துங்கள்.

பிரித்தபின் கணக்கு

குறிகளோடு சரியாக எழுதிய தாளையும் கணக்குப் போடும்போது கெடுக்க முடியும். `<0.1` என்று எழுத்தாக இருக்கும் கட்டத்தை எக்செலின் `AVERAGE` சத்தமில்லாமல் ஒதுக்கிவிடும். நம் பத்து வரிசையில் அளந்த எண்கள் ஆறு. அவற்றின் கூட்டுத்தொகை 10.4. F நெடுவரிசைக்கு `AVERAGE` போட்டால் எக்செல் அதை ஆறால் வகுத்து 1.73 என்று தரும், அதாவது 1.5-க்கு மேலே. மிகக் குறைவான நான்கு நீராதாரங்களைக் கணக்கிலிருந்தே தூக்கிவிட்டதால் வந்த எண் இது.

நான்கையும் சைபர் என்று வைத்தால் 10.4-ஐப் பத்தால் வகுத்து 1.04. எல்லையளவே இருக்கிறது என்று வைத்தால் 10.4-ஓடு 0.1 மூன்றும் 0.5 ஒன்றும் சேர்ந்து 11.2, சராசரி 1.12. உண்மை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்க முடியும். “1.04 முதல் 1.12 வரை” என்று இரண்டையும் எழுதுவது நேர்மையானது. எல்லையில் பாதியைப் போட்டு ஒரே எண்ணாகச் சொல்லும் பழக்கம் பரவலாக இருக்கிறது. இங்கே அது பெரிய தீங்கு செய்யாது, ஏனென்றால் இடைவெளி சிறியது. நெடுவரிசையில் பாதிக்கு மேல் ‘<’ இருந்தால் அந்தப் பாதிதான் முடிவையே தீர்மானிக்கும், தண்ணீர் தீர்மானிக்காது.

உண்மையில் ஆர்.ஓ. தண்ணீரையும் போர்வெல்லையும் சேர்த்துச் சராசரி பார்ப்பதே பயனற்ற வேலை. ஊராட்சிக்கு வேண்டியது எந்தெந்த நீராதாரம் 1.5-ஐத் தாண்டியது என்ற பட்டியல். அதற்கு இந்தச் சூத்திரம்:

```
H2: =IF(D2="அளவு",IF(E2>1.5,"மேலே","கீழே"),IF(D2="குறைவு",IF(E2<=1.5,"கீழே","சொல்ல முடியாது"),IF(D2="மேல்",IF(E2>=1.5,"மேலே","சொல்ல முடியாது"),"")))
```

வரிசை 1, 2, 7 மூன்றும் மேலே, மற்ற ஏழும் கீழே. `<0.5` என்பதும் சந்தேகமில்லாமல் கீழே. ‘<’ குறிகளை எண்ணிப் பார்க்க வேண்டுமானால் `COUNTIF(C2:C11,"<0.5")` என்று எழுதாதீர்கள். எக்செல் அதை ஒரு நிபந்தனையாக எடுத்துக்கொண்டு 0.5-க்குக் குறைவான எண்களைத் தேடும், நம் எழுத்துக் கட்டங்களைத் தொடாது. இது வேலை செய்யும்:

```
=SUMPRODUCT(--(LEFT(TRIM(C2:C11),1)="<"))
```

‘சொல்ல முடியாது’ என்ற பதில் ஃபுளோரைடில் அபூர்வம். ஈயத்தில் அப்படியில்லை. ஈயத்துக்கு ஐ.எஸ். 10500 அனுமதிப்பது லிட்டருக்கு 0.01 மி.கி.தான். லேப் `<0.05` என்று கொடுத்திருந்தால், 0.03 இருந்தாலும் அந்தத் தாள் அப்படியேதான் இருக்கும். மேலே உள்ள சூத்திரத்தில் 1.5-க்குப் பதில் 0.01 போட்டு ஓட்டினால் அந்த வரிசை முழுக்க ‘சொல்ல முடியாது’ என்று வரும். ‘<’ குறியைப் பார்த்ததும் “ஈயம் இல்லை, பாஸ்” என்று எழுதப்பட்ட தாள்களை இந்த ஒரு ஒப்பீட்டில் பிடித்துவிடலாம். அடுத்த முறை மாதிரி கொடுக்கும்போது, பணம் கட்டுவதற்கு முன்பே, ஈயத்துக்கு 0.01-க்குக் கீழே அளக்கும் வசதி இருக்கிறதா என்று லேபில் கேட்டு, பதிலை ரசீதிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.